சங்கத்து வரவு செலவும் என் வஞ்சமும்

பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சாமியாருக்குப் பயந்து மறைத்தேன் என்று நினைக்க வேண்டாம். இது பாவம் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கடற்கரையில் வள்ளம் வைத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒரு வியாபாரியிடம் கடன்பட்டிருந்தார்கள். திசையன்விளையிலிருந்து வந்து, கரையில் ஓலைக் கொட்டகை போட்டு, பிறகு அதை ஓட்டுக் கட்டடமாக்கியவர். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் வட்டி வாங்க மாட்டார். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். ஆனால் அவரிடம் கடன் வாங்கிய வள்ளத்து மீனை அவர்தான் ஏலம் விடுவார். நூறு ரூபாய்க்கு விற்றால் பத்து ரூபாய் கமிஷன் அவருக்கு. கூறு வைத்த மீனில் நல்லதாக ஒன்றை முதலில் அவர் எடுத்துக்கொள்வார். இத்தனையும் எடுத்த பிறகும் கடன் முதல் அப்படியே நிற்கும், ஒரு ரூபாய் குறையாது. விலக வேண்டுமென்றால் முழு முதலையும் ஒரே நாளில் வைக்க வேண்டும். கடலுக்குப் போகிறவன் கையில் அப்படிப் பணம் எப்போது சேர்ந்தது?

ஒரு பங்குனி மாதம் என் மூத்தவள் காய்ச்சலில் கிடந்தாள். ஆஸ்பத்திரிச் செலவுக்காக என் புருஷன் இரண்டு சீலா மீனைச் சாத்தான்குளத்து ஆள் ஒருவருக்குத் தனியாக விற்றார். அது அண்ணாச்சி காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் இரண்டு ஆட்களோடு வந்து எங்கள் வள்ளத்து எஞ்சினைக் கழற்றச் சொன்னார். கரை முழுக்கக் கூட்டம். "முதல வச்சிட்டு மீன எங்க வேணும்னாலும் வித்துக்கோ. அதுவரைக்கும் மிஷினு எங்கிட்ட கெடக்கட்டும்," என்றார். என் புருஷன் தலையைத் தூக்கவே இல்லை. அன்று முதல் அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது.  இந்த மனுஷன் ஒருநாள் இதே மணலில் என் முன்னால் நிற்க வேண்டும் என்று மாதா கோவிலில் நேர்ந்துகொண்டேன். மாதா இதற்கெல்லாம் துணை போவாளா என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன், அவள் மறுக்கவில்லை.

அப்போதுதான் ஊரில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் தட்டுத் தடுமாறி நடந்துகொண்டிருந்தது. பர்மிட் மண்ணெண்ணெய் வாங்கத்தான் ஆட்கள் அங்கே போவார்கள். மீனை அண்ணாச்சியிடம் கொடுப்பார்கள். எங்கள் வீட்டுப் பங்கு என் பேரில் இருந்தது. நான் கமிட்டிக்கு நின்றேன். பொம்பளை ஒருத்தி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அது அவர்கள் செய்த முதல் தப்பு.

அந்த வருஷத்து பட்ஜெட் போட உட்கார்ந்தோம். வரவு என்றால் ஏலத்தில் நூற்றுக்கு ஐந்து கமிஷன், மண்ணெண்ணெயில் கிடைக்கும் சில்லறை, மாவட்டக் கூட்டுறவு வங்கி தரும் கடன். செலவு என்றால் மண்ணெண்ணெய் கொள்முதல், ஐஸ், வலை பழுதுபார்ப்பு, குமாஸ்தா சம்பளம். காற்று பலத்துக் கடல் அடைபடும் ஆனி, ஆடியில் உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் கடனைத் தனியாக எழுத வேண்டும் என்று குமாஸ்தா சொன்னார். அது செலவாகாதாம், சீசனில் பிடித்துக்கொள்வதாம். ஒவ்வொரு வருஷமும் மற்ற செலவெல்லாம் போய் அந்தக் கடனுக்கு மட்டும் ஒன்றும் மிஞ்சாது. ஆடியில் அத்தனை பேரும் அண்ணாச்சி வாசலில் நிற்பார்கள்.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். வங்கிக் கடனை எடுத்து, ஆடி பிறந்ததும் எல்லாருடைய முதலையும் அண்ணாச்சி மூஞ்சியில் எறிந்துவிடுவோம். சீசனில் கமிஷன் ஐந்தோடு இன்னொரு ஐந்து பிடித்து, அதை அவரவர் கணக்கில் வரவு வைத்து வங்கியை அடைப்போம். உறுப்பினருக்கு அதே பத்துதான் போகும், ஆனால் இந்தத் தடவை கடன் கரையும். எனக்கே என் புத்தியை நினைத்துக் கர்வமாக இருந்தது.

என் நாத்தனார் தலையில் மீன்கூடை சுமந்து ஊர் ஊராய் விற்பவள். வீட்டில் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டாள். "ஆடில கொண்டுபோயி அவரு கையில துட்டக் குடுக்கப் போறியோ? கொள்ளாம், நல்ல புத்தி. கடலு கெடக்க கெடப்புல எவன் வீட்டுல உலை கொதிக்கும்? நீ குடுத்த துட்ட மறுநாளே அவரு நம்மாளுவளுக்குத் திருப்பிக் கடனாக் குடுப்பாரு. அவருக்கு நீதான் முதலு போட்டுக் குடுக்கே," என்றாள்.

எனக்கு மூஞ்சி செத்துவிட்டது. அவள் சொன்னது அத்தனையும் சரி. கோபத்தில் எனக்கு அடுப்பு மறந்துபோயிருந்தது. ராத்திரி முழுக்க யோசித்துக் கணக்கைப் புரட்டிப் போட்டேன். ஆடியில் முதலைத் தொடக்கூடாது. ஆடியில் எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவுதான். வங்கிக் கடனை எடுத்து முதலைத் திருப்ப வேண்டிய நாள் சீசன் பிறக்கிற நாள். அன்றைக்குள் அவர் கேரளத்து மீன் கம்பெனிகளிடம் முன்பணம் வாங்கி, இத்தனை வள்ளத்து மீன் என்று வாக்குக் கொடுத்திருப்பார், மீன் மட்டும் அவர் கையில் இருக்காது.

ஆடி அடுப்புக்குப் பணம் வேண்டுமே. புது வலைக்கு ஒதுக்கியதை வெட்டினேன். கிழிந்ததைக் கட்ட நூலும் ஈயக் குண்டும் மிதப்பும் மட்டும் சங்கம் கொடுக்கும். மண்ணெண்ணெய் கடனுக்கு இல்லை என்று எழுதவைத்தேன். ஐஸில்தான் பெரிய மிச்சம். அதுவரை ஒவ்வொரு வள்ளமும் அண்ணாச்சி கிடங்கில் கட்டிக் கணக்கில் ஐஸ் வாங்கும். உருகி ஒல்லியானாலும் அவருக்குக் கட்டி கட்டிதான், விலை முழு விலைதான். தூத்துக்குடி பேக்டரியிலிருந்து சங்கமே லாரியில் உமி போட்டு இறக்கினால் விலை வெகுவாகக் குறையும் என்று குமாஸ்தா விசாரித்து வந்தார்.

பொதுக்குழுவில் நாற்காலிகள் பறக்காத குறை. அண்ணாச்சியின் ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். இந்த வருஷம் கமிஷனைப் பாதியாகக் குறைக்கிறார், ஐஸ் சும்மா தருகிறார் என்று எழுந்து சொன்னார்கள். ஜனம் ஆடிப்போனது. புது வலை இல்லை என்றதில் என் சொந்தக் கொழுந்தனே என்னை முறைத்தான். நான் எழுந்து, இத்தனை வருஷம் குறைக்காதவர் இன்றைக்கு ஏன் குறைக்கிறார் என்று மட்டும் கேட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள், ஆடிக் கடனை வாரா வாரம் எங்கள் கையில் தந்தால் சரி, ஆம்பளைகள் கையில் வேண்டாம் என்றார்கள். அதையும் தீர்மானத்தில் சேர்த்தோம். கை தூக்கினபோது கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான் தப்பித்தோம்.

அந்த ஆடியை நான் மறக்க மாட்டேன். கடல் வெள்ளை வெள்ளையாய் நுரைத்துக் கிடந்தது. அண்ணாச்சி வழக்கம்போலக் கொட்டகை வாசலில் பாய் விரித்து, மடியில் பையோடு உட்கார்ந்தார். யாரும் போகவில்லை. சங்கத்துக் கடன் ஒன்றும் பெரிய பணமில்லை, அரிசிக்கும் கருப்பட்டிக்கும் காணும், அவ்வளவே. அதை வாங்கிக்கொண்டு பெண்கள் அவர் கொட்டகை வழியாகவே வீட்டுக்குப் போனார்கள். சுற்றுவழி அது. போகச் சொன்னது நான்தான். நானும் தினம் இரண்டு தடவை காரணமில்லாமல் அந்தப் பக்கம் நடந்தேன். அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கஞ்சி ருசித்தது.

காற்று அடங்கி வள்ளங்கள் இறங்க இருந்த காலையில், கடன்பட்டவர்கள் எல்லாரும் வரிசையாகப் போய் முதலை அவர் முன்னால் வைத்தோம். சங்கத் தலைவரும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் சாட்சி. அவர் பணத்தைத் தொடவில்லை.

"இப்ப யாரு கேட்டா? பையப் பைய குடுங்க. சீசன் முடியட்டும்," என்றார்.

சாட்சிக்கு வந்த பெரியவர்களில் ஒருவர், கொடுத்த முதலை வேண்டாம் என்றால் கடன் செத்ததாகத்தான் கரை வழக்கம் என்று சொன்னார். அண்ணாச்சி பணத்தை எடுத்துக்கொண்டார். எண்ணிக்கை தப்பி மறுபடி எண்ணியதை நான் பார்த்தேன். பார்த்துச் சந்தோஷப்பட்டேன். எங்கள் எஞ்சினும் அன்றே வந்தது. என் புருஷன் அதை வள்ளத்தில் பூட்டிவிட்டு நேரே கடலுக்குப் போய்விட்டார்.

அந்த சீசனில் மீன்பாடு நன்றாக இருந்தது. ஏலம் சங்கத்தில். அன்றே பணம் கட்டாதவனுக்கு மறுநாள் ஏலம் கேட்க இடமில்லை என்று விதி. அண்ணாச்சியும் வந்து மற்ற வியாபாரிகளோடு நின்று கேட்டார். கம்பெனிகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஏறிய விலைக்கெல்லாம் வாங்கிப் பார்த்தார். முடியவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். திசையன்விளையில் இருந்த ஒரு வீட்டை விற்றார் என்று கேள்விப்பட்டேன். மேற்கொண்டு விசாரித்து அது உண்மைதான் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் தூங்கினேன்.

அவர் கிடங்கில் ஐஸ் தேங்கிவிட்டது. ஒரு காலை டெம்போவில் ஏற்றிக்கொண்டு சங்கத்துக்கே வந்தார். எந்த விலைக்கும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஐஸ் கொள்முதல் என் பொறுப்பு. ஏலம் முடிந்த பிறகுதான் கொள்முதல், அது சங்க விதி, நான் உண்டாக்கியதில்லை. காத்திருக்கச் சொன்னேன். அன்று வரத்து அதிகம், ஏலம் நீண்டது. நானும் அவசரப்படவில்லை. வெயில் ஏறியது. டெம்போவின் அடியிலிருந்து தண்ணீர் ஓடி மணலில் இறங்கியது. அவர் சாக்கை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு நின்றார். ஏலம் முடிந்ததும் தராசைக் கொண்டுவரச் சொன்னேன்.

"கட்டிக் கணக்குலா வழக்கம்?" என்றார்.

"அது உம்ம கிடங்குல. இங்கன எடைதான்," என்றேன். அவரை 'உங்க' என்னாமல் 'உம்ம' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் இருந்த குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டார்.

நிறுத்தபோது, அவர் கொண்டுவந்ததில் பாதிகூட மிஞ்சவில்லை. எடைக்கு உள்ள பணத்தைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன், ஒரு பைசா குறைக்கவில்லை. அவர் பணத்தை எண்ணவில்லை. அப்படியே மடியில் செருகிக்கொண்டு கேட்டார்.

"உன் வீட்டுக்காரனுக்குச் செஞ்சதுக்கு இது போதுமா தாயி?"

நக்கலாகக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் நான் போதும் என்று சொல்வேன் என்று நினைத்தார்கள். என் புருஷனும் வலையை உதறிக்கொண்டு அங்கேதான் நின்றார்.

"போதாது," என்றேன். அடுத்த வண்டி ஐஸ் கொண்டுவந்தால் எப்போது வரவேண்டும் என்று அண்ணாச்சி கேட்டார். ஏலம் தொடங்கும்போதே வரச் சொன்னேன், வாங்குவது முடிந்த பிறகுதான்.