அரை நிமிட ஆல்கஹால்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி லேபில் நான் ஒருத்திதான். ஊட்டுக்குப் போனாலும் ஒருத்திதான். கோயமுத்தூரில் இத்தனை ஜனம் இருந்தும் என்னை ஒரு வார்த்தை விசாரிக்க ஆள் கிடையாது. புலம்பவில்லை, இருக்கிறதைச் சொல்கிறேன்.

அன்றைக்குப் பல்லடத்திலிருந்து ஏழு வயதுப் பிள்ளை மூளைக்காய்ச்சலோடு வந்திருந்தாள். முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். சாயம் ஏற்றிப் பார்த்து, அதிலுள்ள கிருமி ஊதாவா, இளஞ்சிவப்பா என்று நான் சொல்ல வேண்டும். இளஞ்சிவப்பு என்றால் ஏறிக்கொண்டிருக்கும் இரண்டு மருந்தில் ஒன்றை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் காத்திருந்தார். ஊதாவாக இருந்து நிறுத்திவிட்டால் பிள்ளை உயிருக்கே ஆபத்து.

இரண்டு ஸ்லைடு தயார் செய்தேன். சரிபார்க்க, இரண்டின் ஓரத்திலும் ஊதாவாகத்தான் தெரியும் என்று உறுதியான வேறொரு கிருமியைத் தடவினேன். முதலில் ஊதாச் சாயம், பிறகு அயோடின். இரண்டும் கிருமிக்குள் சேர்ந்து கட்டிப்படும். அடுத்தது ஆல்கஹால். தடித்த சுவருள்ள கிருமி என்றால் ஆல்கஹால் பட்டதும் சுவர் ஈரம் வற்றி இறுகி, சாயத்தை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். மெல்லிய சுவருள்ளது என்றால் அதன் வெளிப்பக்கக் கொழுப்புப் படலம் கரைந்து சாயம் ஓடிவிடும். கடைசியாக ஊற்றும் சிவப்புச் சாயம்தான் அதில் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஆனால் ஆல்கஹாலைச் சில நொடிகளில் கழுவிவிட வேண்டும். விட்டால் தடித்த சுவரும் தோற்றுப்போகும்.

முதல் ஸ்லைடில் ஆல்கஹால் ஊற்றினேன், போன் அடித்தது. வார்டு நர்ஸ்.

"ஏனுங்க்கா, ரிசல்ட் ஆச்சுங்களா? உடம்புக்கு இப்ப பரவாயில்லீங்களா?"

போன வாரம் எனக்குச் சளி பிடித்திருந்ததை ஞாபகம் வைத்துக் கேட்டாள். அட, எவ்வளவு சந்தோசம் எனக்கு! இருமல் நின்றது, தூக்கம்தான் இல்லை என்று கதை அளந்தேன். அரை நிமிடம் போயிருக்கும். பிறகுதான் கழுவி, சிவப்புச் சாயமும் ஊற்றி முடித்தேன்.

மைக்ராஸ்கோப்பில் ஜோடி ஜோடியாக இளஞ்சிவப்பு. சொல்லிவிடலாம் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன். ஓரத்தைப் பார்க்கவில்லையே என்று திரும்ப வந்து பார்த்தால், ஊதாவாக இருக்க வேண்டியதும் இளஞ்சிவப்பு. அந்த ஸ்லைடைத் தூக்கிப் போட்டேன்.

"கூறுகெட்டவளே, ஒருத்தி விசாரிச்சதுக்கு ஒரு பிள்ளைய கொன்னுபோட்டிருப்பயே!" வாய்விட்டுத் திட்டிக்கொண்டேன். கேட்கத்தான் யாருமில்லை.

இரண்டாவது ஸ்லைடைச் செய்யும்போது போன் அடித்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டேன். இந்த முறை ஓரமும் ஊதா, பிள்ளையின் கிருமியும் நல்ல அடர் ஊதா. நானே கூப்பிட்டு, "ஊதாங்க. ஜோடி ஜோடியா இருக்குது. டாக்டர்கிட்ட உடனே சொல்லிப்போடுங்க" என்றேன்.

பதினைந்து நாள் கழித்து கேண்டீனில் ஒரு அம்மணி மகளோடு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். மேசைமேல் வைத்த ஃபைலில் அந்தப் பல்லடத்துப் பிள்ளையின் பெயர். பிள்ளை காலை ஆட்டிக்கொண்டு பன் தின்றாள்.

"இன்னைக்கு ஊட்டுக்குப் போறமுங்க," என்றாள் அம்மா. "உங்களுக்கு வார்டுல யாருங்க இருக்கறாங்க?"

"யாருமில்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க இங்க வந்தீங்க?"

பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அழுதுவிடுவேன் போலிருந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு லேபுக்கு நடந்தேன்.