நாற்பத்திரண்டு சொட்டு

வார்டில் அவளுக்குச் 'சொட்டக்கா' என்று பெயர். சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டதும் கைக்கடிகாரத்தைக் குழாயில் சொட்டு விழும் சிறு குமிழுக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணுவாள். மற்ற நர்ஸுகள் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவார்கள். "அக்கா எண்ணி முடிக்கறதுக்குள்ள நோயாளி வீட்டுக்கே போயிடுவான்" என்று கேலி செய்வார்கள். அவள் உதடு அசைவது நிற்காது.

அன்று காலை ஷிப்டில் எதிரெதிர்ப் பகையாளிகள் இருவர் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். இருந்தது ஒரே வார்டு, வேறு வழியில்லை. ஒருவன் வயிற்றில் கத்திக்குத்துப்பட்டு, குடல் தைக்கப்பட்ட இளைஞன். மற்றவர் அவனைக் குத்தியவனின் அப்பா. அதே சண்டையில் மண்டை உடைந்த கிழவர், இதயமும் பலவீனம்.

இளைஞனுக்குப் பொட்டாசியம் குறைந்திருந்ததால், ஐந்நூறு மில்லி சலைனில் பொட்டாசியம் கலந்து நான்கு மணி நேரத்தில் ஏற்றச் சொல்லியிருந்தார் டாக்டர். அவனுக்குப் போட்ட குழாய் செட்டில் இருபது சொட்டு விழுந்தால் ஒரு மில்லி. ஐந்நூறை இருபதால் பெருக்கினால் பத்தாயிரம் சொட்டு. நான்கு மணி என்பது இருநூற்று நாற்பது நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு. கிழவருக்கு மணிக்கு அறுபது மில்லிக்கு மேல் போகக்கூடாது. ஆகவே அவருக்கு நுண்சொட்டு செட். அதில் அறுபது சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. நிமிடத்துக்கு அறுபது சொட்டு. கிழவரின் குழாயில் சொட்டு படபடவென்று விழுந்தாலும், உள்ளே போன தண்ணீர் இளைஞனுக்குப் போனதில் பாதிகூட இல்லை.

இளைஞனின் அண்ணன் கூரைக்குக் கம்பி கட்டுகிறவன். உள்ளே வந்ததும் முதலில் தம்பியின் குழாயைப் பார்த்தான். பிறகு கிழவரின் குழாயை.

"ஏம்மா, எவன் புள்ள குத்தினானோ அவனுக்குக் கொட்டுது. குத்து வாங்கினவனுக்குச் சொட்டுதா?"

"இல்லப்பா. அவருக்கு விழறது பொடிச் சொட்டு, உங்க தம்பிக்குப் பெரிய சொட்டு. தம்பிக்குத்தான் அதிகமா போகுது."

"சொட்டுல என்னடி பொடி, பெருசு? கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா?"

கட்டிலோரம் இருந்த அவர்கள் அம்மா, "டேய், சும்மா இரு" என்றாள். அவன் கேட்கவில்லை. தம்பியின் குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைக் கட்டைவிரலால் மேலே தள்ளினான். சொட்டு மறைந்து நீர்க்கம்பியாய் இறங்கியது.

"ஐயோ, மூடு! அதுல பொட்டாசியம் இருக்கு. வேகமா போனா இதயம் நின்னுடும்!"

அவள் பாய்ந்து ரோலரை நோக்கிக் கை நீட்டினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, அரை நிமிடம் எட்டவிடாமல் நிறுத்தி, முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மறுகையால் குழாயைப் பற்றி இரண்டாய் மடித்து முஷ்டிக்குள் நசுக்கினாள். நீர்க்கம்பி அறுந்தது. அவன் அவள் முகத்தில் குத்தினான். இன்னொன்று, காதில். பாட்டில் தொங்கிய ஸ்டாண்டு ஆடியது. உதடு கிழிந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. முடியைப் பிடித்துத் தலையைக் கட்டில் இரும்பில் மோதினான். முஷ்டியை மட்டும் அவள் திறக்கவில்லை.

"விடுடி! என் தம்பி சாகட்டும்னு பாக்குறியா?"

"வி...ட...மாட்டேன்."

வாசலில் இருந்த காவலாளியும் இரண்டு வார்டு பையன்களும் அவனை இழுத்துக் கீழே அழுத்தினார்கள். ஓடிவந்த டாக்டரிடம் அவள் தரையில் கிடந்தபடியே சொன்னாள்: "ரோலரை முழுசாத் திறந்துட்டான் சார். பாட்டில்ல முந்நூறு மில்லி இருந்துச்சு, இப்ப இருநூத்தம்பது. அம்பது போயிடுச்சு."

டாக்டர் அந்தப் பாட்டிலைக் கழற்றி எறிந்தார். ஈ.சி.ஜி. மாட்டினார். பொட்டாசியம் ஏறியதற்கு அடையாளமாகக் காகிதத்தில் அலைகள் கூராக உயர்ந்து நின்றன. இதயத்தைக் காக்கும் கால்சியம் ஊசியைக் கையில் தயாராகப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். அலைகள் மெல்லத் தணிந்தன. "இன்னும் நூறு மில்லி போயிருந்தா நான் வந்து பிரயோஜனம் இல்ல" என்றார்.

அதைக் கேட்டுத் தரையில் திமிறிக்கொண்டிருந்தவன் அடங்கினான். புரிந்து அடங்கினானா, மூச்சு வாங்கி அடங்கினானா, தெரியவில்லை.

பொட்டாசியம் இல்லாத புதுப் பாட்டில், ஐந்து மணி நேரத்துக்கு. "முப்பத்துமூணு" என்றாள் சொட்டக்கா, வீங்கிய வாயோடு. அவளுக்குக் கட்டுப் போடுமுன் இன்னொரு நர்ஸ் ரோலரை நகர்த்த, இவள் பார்த்து எண்ணினாள். முழு நிமிடம்.

போலீஸ்காரர் வந்து புகார் கேட்டபோது அம்மா அவள் காலைத் தொட்டாள். "தாயீ, பாசத்துல பண்ணிட்டான். தம்பி மேல உசுரு. நீ விழுந்துட்டேன்னு சொல்லும்மா."

"உங்க பெரியவன் பாசம் சின்னவனைக் கொன்னுருக்கும்மா" என்றாள் அவள். காலை மெதுவாக விலக்கிக்கொண்டாள். போலீஸ்காரர் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்கோங்க. மணிக்கட்டை அவன்தான் முறிச்சான்."