கதவக்காவும் மேல் அம்பும்

எங்கள் அலுவலகத்தில் நாள் முழுக்க, பழுதான சலவை இயந்திரங்களைப் பற்றித் தொலைபேசியில் திட்டு வாங்குவதுதான் வேலை. எனக்கு எதிர் மேசையில் இருப்பவளைக் கதவக்கா என்போம். கழிவறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் நாற்காலியின் முதுகில்தான் இடிக்கும். பதினொரு வருஷமாக இடிக்கிறது. பாதிப் பேச்சில் அவள் 'உக்' என்பதைக் கேட்டு, வாடிக்கையாளர்கள் தங்கள் துயரத்துக்கு அவள் கண்கலங்குவதாக நினைத்துக்கொள்வார்கள்.

ஜன்னலோர மூலை நாற்காலி காலியானபோது அவள் கேட்டாள். சூறாவளியும் கேட்டான். மூன்றாம் மேசைக்காரன் அவன். எதையும் படபடவென்று செய்து, பிறகு சாவகாசமாகத் திருத்துவான். யாருக்கும் பொல்லாதவராக விரும்பாத மேலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். இருவரும் மதிய இடைவேளைகளில் கணினியில் அந்த எண் விளையாட்டை ஆடிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? வெள்ளிக்கிழமை ஒன்றரைக்குள் முதலில் 2048-ஐத் தொடுபவருக்கு மூலை. யாரும் தொடாவிட்டால் அங்கே கோப்பு அலமாரி.

விளையாட்டு எளிது. நாலுக்கு நாலு கட்டம். அம்பு விசையை அழுத்தினால் எல்லா எண்களும் அந்தப் பக்கம் சறுக்கும். ஒரே எண்கள் இரண்டு மோதினால் கூடி ஒன்றாகும். ஒவ்வொரு நகர்வுக்கும் காலியிடம் எதிலாவது புதிதாக ஒரு 2 அல்லது 4 வந்து விழும். இடம் அடைத்துக்கொண்டால் கதை முடிந்தது.

சூறாவளி நாலு பக்கமும் தட்டுவான். பெரிய எண்கள் கட்டம் முழுக்கச் சிதறி, 512-க்கு மேல் தாண்டவே மாட்டான். கதவக்காவின் பாணி வேறு. பெரிய எண் இடது கீழ்மூலையை விட்டு அசையக்கூடாது. அழுத்துவது இடது, கீழ், இரண்டே. அடிவரிசை வெவ்வேறு எண்களால் நிறைந்து ஆடாமல் நிற்கும்போது மட்டும், வேறு வழியில்லை என்றால் வலது. மேல் அம்பு கூடவே கூடாது. கை தவறிவிடும் என்று அந்த விசையின் மூடியையே நெம்பி எடுத்துக் குண்டூசி டப்பாவில் போட்டுவிட்டாள். பிடிவாதம் என்றால் அது பிடிவாதம்.

வெள்ளிக்கிழமை ஒன்று பத்துக்கு அவள் அடிவரிசை 1024, 512, 256, 128. அதன்மேல் 16, 8, 2, 2. இன்னொரு 128-ஐச் சேர்த்துக் கடைசி 128-இன் தலையில் இறக்கினால் போதும். கீழே ஒன்று, இடது மூன்று, 2048. நான் எழுந்து அவள் திரைப் பக்கம் போய் நின்றேன்.

இடதை அழுத்தினாள். இரண்டு 2-உம் சேர்ந்து 4 ஆயின. புதிய 2, வேறு இடமே கிடைக்காதது போல, அந்த வரிசையின் கடைசிக் கட்டத்தில் விழுந்து அதை அடைத்தது. இடது அசையவில்லை. வலது அசையவில்லை. கீழும் இல்லை. மேலே இரண்டு வரிசை வெறுமையாகக் கிடக்க, போக ஒரே திசைதான் மிச்சம்.

குண்டூசி டப்பாவைத் திறந்தாள். குண்டூசிதான் இருந்தது.

சூறாவளி சட்டைப்பையிலிருந்து விசை மூடியை எடுத்து விரல் நுனியில் வைத்துக் காட்டினான்.

"திங்கக்கிழமையே எடுத்துட்டேன்க்கா. என்னைக்காவது தேவைப்படும்னு தெரியும்."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி, நீ எடுத்தது தொப்பி. தலை இங்கதான் இருக்கு."

பேனாவைத் தலைகீழாகப் பிடித்து, மூடி இருந்த பள்ளத்தில் தெரிந்த ரப்பர் மொட்டின் மேல் வைத்தாள். வைத்தாளே தவிர அழுத்தவில்லை. எல்லாம் மேலே ஏறினால் எட்டுக் கட்டம் காலியாகும். அதில் இரண்டு 1024-க்கு நேர் கீழே. அங்கே புதியது விழுந்தால் மூலை போச்சு. அந்த நேரம் யாரோ கழிவறையிலிருந்து வந்தார்கள். கதவு முதுகில் இடித்தது. 'உக்' என்றாள், பேனா அழுந்திவிட்டது.

புதிய 2, வலது ஓரத்தில் 128-க்குக் கீழே விழுந்தது. உடனே கீழ் அம்பைத் தட்டினாள். 1024 மூலைக்குத் திரும்பியது. 128 மட்டும் அந்த 2-இன் மேல் ஏறி நின்றது. அதைச் சரிக்கட்டப் பதினைந்து நிமிஷம் பிடித்தது. ஒன்று இருபத்தெட்டுக்கு 2048 வந்தது. சூறாவளி மூடியை அவள் மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

அன்றே மூலைக்குக் குடிபெயர்ந்தாள். ஆனால் எழுந்திருக்கப் பயம். எழுந்தால் எவனாவது வந்து விழுவானாம். நாலு மணிக்குத் தாங்காமல், திரும்பி வரும்வரை என்னை அங்கே உட்காரச் சொல்லிவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள்.

உட்கார்ந்தேன். ஜன்னல் காற்று வந்தது. ஐந்து நிமிஷம் முதுகில் எதுவும் இடிக்கவில்லை. பதினொரு வருஷம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் நாற்காலி நன்றாக இருந்தது.

அவள் வந்து நின்றாள்.

"அடிவரிசை நிறைஞ்சிருச்சுக்கா," என்றேன். "என்னால அசைய முடியல."

கதவக்கா சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தாள், தலைகீழாகப் பிடித்தாள், என் தோளில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

எழுந்துவிட்டேன்.