நாலு விநாடி மௌனம்

ஆறு வருடமாகச் சிற்றம்பலத்தார் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, செட்டிகுளம் விளையாடிய ஒவ்வொரு பந்தாட்டத்தையும் நிமிடம் தவறாமல் கொப்பியில் குறித்து வந்தார். பகலில் அலுவலகத்தில் கிளாக்கர் வேலை. அவருடைய எழுத்தை ஊரில் யாரும் வாசித்ததில்லை. அறுபத்திரண்டாம் ஆண்டில், முல்லைத்தீவோடு நடந்த இறுதியாட்டத்தை எஞ்சினியர் ஐயாத்துரை தன் சாவி கொடுக்கிற கமராவில் படம் பிடித்தபோதுதான் அந்தக் கொப்பிக்கு ஒரு காலம் பிறந்தது.

மூன்று சுருளை ஒட்டிப் பன்னிரண்டு நிமிடப் படம். சத்தம் கிடையாது. நெல்லுக் களஞ்சியத்து ஜன்னல்களைச் சாக்கால் மூடி, ஞாயிறு பின்னேரம் காட்டுவதாக ஏற்பாடு. படம் ஓட ஓட மைக்கில் வாசிக்க வர்ணனை வேண்டும்.

"நீரே எழுதும், நீரே வாசியும்," என்றார் எஞ்சினியர்.

அன்று மாலையே கோல் கீப்பர் ஹமீட் சிற்றம்பலத்தார் வீட்டு வாசலில் வந்து நின்றான். வலக்கையில் கட்டு. ஒன்றுக்குப் பூச்சியம் என்று செட்டிகுளம் தோற்றது அவன் கையால்தான். சின்னப்பிள்ளையும் பிடிக்கிற பந்து, உருண்டு வந்தது. அவன் விரல்களுக்குள்ளால் வழுகிப் போனது. அவனுக்கு நிச்சயித்திருந்த நாச்சியா முல்லைத்தீவுக்காரி. அதற்குமேல் ஊருக்கு என்ன வேண்டும்? "மாமன்ர ஊருக்கு மாப்பிள்ளை குடுத்த சீதனம்" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். கைக்கட்டை நடிப்பு என்றார்கள். குழுவில் இருந்து அவனை நிறுத்தியும் விட்டார்கள்.

"கிளாக்கர் ஐயா, நீங்கள் மட்டும்தான் கண்டனீங்கள். ஐம்பத்தெட்டாம் நிமிசம் அவங்கட ஆள் என்ர விரலை மிதிச்சதை எழுதினனீங்கள்தானே?"

"ஓம், எழுதியிருக்கிறன்."

"அதை ஒருக்கா மைக்கில சொல்லிவிடுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

"சொல்லுறன் தம்பி. போட்டு வாரும்."

சிற்றம்பலத்தார் பொய் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தார்.

எஞ்சினியர் வீட்டில் படத்தை இரண்டுதரம் ஓட்டி, கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து குறித்தார். தாளின் இடப்பக்கம் விநாடி, வலப்பக்கம் வசனம். தொடக்கத்தில் நீளமான, ஆறுதலான வசனங்கள். பந்து கோலை நெருங்க நெருங்க வசனம் குறுகும். பிறகு ஒற்றைச் சொற்கள். "வருகிறது. தட்டுகிறார். திரும்புகிறார். அடி!" அதன்பின் பேசவே கூடாது. பந்து உருண்டு வலைக்குப் போக நாலு விநாடி. அந்த நாலு விநாடியும் சனத்துக்கு. கோல் விழுந்தபிறகும் மூன்று விநாடி விடவேண்டும். கூச்சலுக்குள் சொன்னால் சொல் வீண்.

விரல் மிதிபட்டது படத்தில் இல்லை. அந்த நேரம் எஞ்சினியர் கமராவுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டில் இருந்து படம் நேரே கோல் விழுந்த அறுபத்தோராம் நிமிடத்துக்குத் தாவியது. விரலைச் சொல்ல இடமென்றால் அந்த நாலு விநாடிதான்.

குசினியில் மனைவி விமலேஸ்வரி கடிகாரத்தைப் பிடிக்க, அவர் உரத்து வாசித்தார்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பொடியன்ர விரல் எங்கை?"

"அதிலை சொன்னால் எல்லாம் விழுந்துபோகும். வேகமா ஏறிவந்து சட்டெண்டு நிக்கவேணும்."

"'முறிந்த விரலோடு நிற்கிறார் ஹமீட்.' நாலே சொல்லு. இரண்டு செக்கனும் வராது."

"உமக்கு விளங்காது."

"எனக்கு விளங்குது," என்று கடிகாரத்தை அம்மிமேல் வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

ஞாயிறு களஞ்சியத்தில் நிற்க இடமில்லை. நாச்சியாவின் தகப்பன் ஜமால்தீனும் முல்லைத்தீவில் இருந்து வந்து முன்வரிசையில் இருந்தார். சிற்றம்பலத்தாரின் குரல் ஏறியது. சனம் அவரோடு ஏறியது. "அடி!" என்று நிறுத்தினார்.

பந்து உருண்டது. சுருள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் ஹமீட் குனிந்தான். சிற்றம்பலத்தார் சுவரோரம் நின்ற ஹமீட்டைப் பார்த்தார். அவன் வாயைத் திறந்தபடி இவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்று. இரண்டு. சொல்லியிருக்கலாம். மூன்று. அந்த அமைதி அவ்வளவு அழகாக இருந்தது.

"சீதனம்!" என்று இருட்டுக்குள் இருந்து யாரோ கத்தினான்.

களஞ்சியம் வெடித்துச் சிரித்தது. எழுதியபடி மூன்று விநாடி விட்டார். சிரிப்பு அடங்க அது போதவில்லை, பத்து விட்டார். விளக்குப் போட்டபோது ஹமீட்டைக் காணவில்லை. ஜமால்தீன் யாரோடும் கதைக்காமல் எழும்பிப் போனார். மூன்றாம் நாள் சம்பந்தம் முறிந்த செய்தி வந்தது.

அடுத்த கிழமை ஹமீட் வந்து தாளைக் கேட்டு வாங்கி, கட்டு அவிழ்த்த விரலால் தடவித் தேடினான். அந்த விரல் கோணலாகவே பொருந்தியிருந்தது.

"இந்த இடம் வெறுமையாக் கிடக்குதே, ஐயா."

"அது நிறுத்தம், தம்பி. நாலு செக்கன்."

"ஆ," என்றான். தாளை மடிப்புக் குலையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். பிறகு அவன் ஊரிலேயே இல்லை.

பூநகரியில் படம் காட்டக் கேட்டிருந்தார்கள். "அந்த இடத்தைத் தொட்டுவிடாதேயும், சனம் அதுக்காகத்தான் வரும்," என்றார் எஞ்சினியர்.

சிற்றம்பலத்தார் அன்றிரவு சாப்பிட முன் பேனையைத் திறந்தார். விமலேஸ்வரி எட்டிப் பார்த்தாள். ஹமீட்டின் விரலைத்தான் எழுதப் போகிறாராக்கும் என்று நினைத்தாள். அவர் கோல் விழுந்ததற்குப் பின்னால் விட்டிருந்த மூன்று விநாடியை வெட்டினார். பத்து என்று எழுதினார்.