திரும்பி வந்த ஆங்கிலம்

மொழிபெயர்ப்பு ஒரு பிழையும் இல்லாமல் இருக்கிறது என்பதற்காக தலையில் கை வைத்து உட்கார்ந்தவள் இந்தத் திண்டுக்கல்லில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கிரயப் பத்திரம், பூச்சி மருந்து லேபிள், ஆஸ்பத்திரி நோட்டீஸ் என்று எது வந்தாலும் தமிழாக்குவது என் பிழைப்பு. இங்கே நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒரு பெண், என்னை அக்கா என்று கூப்பிடுபவள், தன் முனைவர் பட்ட ஆய்வுக்கான கேள்வித்தாளைக் கொண்டுவந்தாள். பக்கவாதத்தில் படுத்துவிட்டவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களிடம் கேட்பதற்கு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ஒருபோதும் இல்லை' தொடங்கி 'எப்போதும்' வரை ஒரு பதில். கூட்டிப் பார்த்தால் அந்தப் பெண் தாங்கும் பாரம் எவ்வளவு என்று தெரியும். ஒரு கோட்டுக்கு மேலே போனால் வாரம் ஒரு அரை நாள் கல்லூரியிலிருந்து ஒரு நர்ஸ் வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்வாள். கீழே என்றால் யாரும் வரமாட்டார்கள்.

கேள்வித்தாளைத் தமிழாக்குவதில் ஒரு முறை உண்டு. ஒருவர் தமிழில் எழுத வேண்டும். மூலத்தைக் கண்ணாலேயே பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே அர்த்தம் நழுவியது என்று தெரிந்துவிடும். பிறகு உட்கார்ந்து திருத்தலாம்.

எனக்கு உதைத்தது ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண் தனக்கே தனக்கென்று கொஞ்சம் நேரம் இருப்பதாகச் சொல்ல வேண்டும். அட, நம் ஊரில் எவள் எவளிடம் இதைக் கேட்டிருக்கிறாள்? நாலைந்து விதமாக எழுதி அடித்துவிட்டு, 'எனக்கு வேண்டிய காரியங்களைச் செய்ய நேரம் கிடைக்கிறது' என்று வைத்தேன். திருப்தி இல்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். திரும்பி வரும் ஆங்கிலம் காட்டிக்கொடுக்கும், அப்போது மாற்றலாம் என்று நம்பினேன்.

வந்தது. மூலத்தில் என்ன இருந்ததோ அதே. அதைவிட மோசம், வேறொரு வாக்கியத்தில் மூலம் 'ப்ளாக்கைச் சுற்றி ஒரு நடை' என்றிருந்ததை நான் 'தெருமுனைக் கடை வரை' என்று மாற்றியிருந்தேன். அங்கே ப்ளாக் என்றால் வீட்டைச் சுற்றி நாலு தெரு. இங்கே ப்ளாக் என்றால் பி.டி.ஓ. ஆபீஸ் இருக்கும் ஊர், அதை யார் சுற்றி வருவது? திரும்பி வந்ததில் தெருமுனையும் இல்லை, கடையும் இல்லை. அச்சு அசலாக 'ப்ளாக்கைச் சுற்றி ஒரு நடை'.

"ஏண்டி, அவருக்கு மூலத்தைக் காட்டினியா?"

அவள் முகம் செத்துப்போயிற்று. ஆங்கிலமாக்கியவர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். அவளுக்கு மட்டுமல்ல, ஊரில் பாதிப் பேருக்கு வாத்தியார்.

"வெறுங்கையோட போகக் கூடாதுன்னு சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கிட்டுப் போனேங்க்கா. 'ஒரிஜினல் எங்கம்மா'ன்னு கேட்டாரு. உங்களுக்குக் காட்டக் கூடாது சார்னு எப்பிடிக்கா சொல்லுவேன்? நம்மள நம்பலைன்னு நெனைக்க மாட்டாரா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவளைப் பளாரென்று ஒன்று வைத்திருப்பேன். ஆனால் அவர் முன்னால் நான் நின்றிருந்தாலும் கொடுத்துத்தான் தொலைத்திருப்பேன். பெரியவர் கேட்டு இல்லையென்று யார் சொல்வது?

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்.

"ஒன் தமிழ் அங்கங்க கொஞ்சம் தடுமாறுச்சும்மா. ஒரிஜினலைப் பாத்து நான் சரி பண்ணிட்டேன். கவலைப்படாத, ஒன் பேரைக் காப்பாத்திட்டேன்" என்றார்.

அத்தனை பிரியமாகச் சொல்கிற மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? ரொம்ப நன்றி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, யார் மேல் எரிந்து விழுவது என்று தெரியாமல் ஸ்கூட்டியை நாலு மிதி மிதித்தேன்.

இன்னொருவரிடம் கொடுத்து முதலிலிருந்து செய்யலாம் என்றேன். அவளுடைய நெறியாளர் அம்மா போனிலேயே சீறினார். கமிட்டி ஒப்புதல் கொடுத்து, தமிழ்த் தாளில் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தியாயிற்று. ஒரு சொல்லை மாற்றினாலும் மறுபடி கமிட்டி, மறுபடி காத்திருப்பு. இவளுக்குக் கிடைத்திருப்பதோ கடைசி கால நீட்டிப்பு. போதாததற்குப் பேராசிரியர் மூலத்தைப் பார்க்கவில்லை என்று கையெழுத்து வேறு போட்டிருக்கிறார். "இவ்வளவு அழகா பொருந்தியிருக்கு. நல்லா இருக்கிறதை எதுக்குக் கிளறுறீங்க?" என்றார் நெறியாளர். பொருந்தியிருப்பதுதான் அம்மா கோளாறு என்று சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அந்தக் கேள்வித்தாளோடு சாணார்பட்டிப் பக்கம் ஒரு ஊருக்கு அவள் போனபோது நானும் கூடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

ஓட்டு வீடு. முன் அறையில் கட்டில், அதில் கணவர். ஒரு பக்கம் விழுந்துபோய் பேச்சும் இல்லை. அவர் மனைவிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. எங்களுக்குப் பாய் விரித்துவிட்டு, அவர் வாயைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள். தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. சோர்வாக இருக்கிறதா? அடிக்கடி. தூக்கம் கெடுகிறதா? எப்போதும். சரி, கோட்டைத் தாண்டிவிடுவாள் என்று நினைத்தேன். அப்புறம் அந்த வாக்கியம் வந்தது.

"எனக்கு வேண்டிய காரியங்களைச் செய்ய நேரம் கிடைக்கிறது" என்று இவள் படித்தாள்.

"எனக்கு வேண்டியது வேறென்ன இருக்கு? இவரு எந்திரிச்சு நடக்கணும். நாள் பூராவும் அந்தக் காரியந்தானே பாக்குறேன். எப்பவும்னு போட்டுக்கங்க."

இவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதில் 'எப்போதும்' என்றால் பாரமே இல்லை என்று கணக்கு. விளக்கம் சொல்லிக் கேட்கக் கூடாது, எழுதியதை எழுதியபடி படிக்க வேண்டும் என்பது விதி. இன்னொரு முறை படித்தாள்.

"அதான் சொன்னேனே ஆத்தா, எப்பவும்."

போட்டாள். கடைசியில் கூட்டினாள். இன்னொரு தரம் கூட்டினாள். அந்த ஒரு பதிலால்தான் கோட்டுக்குக் கீழே நின்றது.

"அக்கா, மாத்திடவா?" என்றாள் என் காதோடு.

"அவ சொன்ன பதிலை நீ மாத்துவியா?" என்றேன். சொன்னேனே தவிர, மாற்றித் தொலையேன் என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. இவள் மாற்றவில்லை. நோட்டை மூடினாள்.

"முடிஞ்சுதா?" என்று அந்தப் பெண் எழுந்தாள். "போயிறாதீங்க. செத்த நேரம் இவருகிட்ட இருங்க. நீங்க இருக்கையிலேயே தலைக்குத் தண்ணி ஊத்திட்டு ஓடியாந்துர்றேன். தனியா விட்டா உருண்டு விழுந்துருவாரு."

பதிலுக்கு நிற்காமல் பின்கட்டுக்குப் போய்விட்டாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நாங்கள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். இவள் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, அவர் பார்க்கிறாரே என்று அடக்கிக்கொண்டேன்.

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தவள் ஆளே மாறியிருந்தாள்.

"அடுத்த வாரமும் வருவீங்களா? கேள்வியெல்லாம் வேணாம். சும்மா வந்து உக்காந்திருந்தாப் போதும்."

"பாக்குறோம்மா" என்றோம், இரண்டு பேரும் ஒன்றாக.