முகத்தில் எது நிஜம்

என் அண்ணன் போட்டோகிராபர். கல்யாணப் பெண்ணிடமே, "பருவை எடுத்துடலாம்மா, முகத்துல இருக்கிற கோபத்தை எடுக்க முடியாது" என்று சொல்லி ஆர்டரைக் கோட்டை விட்ட மனிதர். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பேர் 'முடியாது சார்'. இருபத்திரண்டு வருஷமாக அவர் தங்கை நான் அவருடைய ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டி, அவர் வாயால் கெட்டதைச் சமாளித்து வருகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு வெல்டர் வந்தார். போனில் பிறந்த குழந்தையின் படம் ஒன்றைக் காட்டினார்.

"பெரிசா பிரிண்ட் போடணும் சார். என் வீட்டுக்காரி கேட்டா. பாப்பா ஒன்பது மணி நேரம்தான் இருந்துச்சு. எட்டு மாசம் ஆச்சு. இருக்கிறது இந்த ஒரு படம்தான்."

அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் சுளித்தார். துக்கத்தோடு வந்தவரிடமும் ஏதாவது உளறப் போகிறாரே என்று பயந்தேன்.

"இமை முடி ஒண்ணொண்ணாத் தெரியுது. போர்வையில நூலே தெரியல. எந்த ஆப்ல போட்டீங்க?"

"மச்சான்தான் போட்டுத் தெளிவாக்கிக் குடுத்தான். வார்டுல லைட்டே இல்ல சார். அசல் இருக்கு, ஆனா அதுல ஒண்ணும் தெரியாது."

"அதை அனுப்புங்க. போட்டோவா அனுப்பாதீங்க, சுருங்கிடும். டாக்குமெண்டா அனுப்புங்க."

அசல் வந்தது. இருட்டில் மணலை வாரி இறைத்தது போல ஒரு படம். ஒரு பக்கம் மட்டும் எங்கிருந்தோ விளக்கு வெளிச்சம் விழுந்திருந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல், அவ்வளவுதான். அண்ணன் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார்.

"அண்ணா, ஆப் படத்தையே போட்டுக் குடுத்துட்டா யாருக்கு என்ன நஷ்டம்?" என்றேன்.

"நீ சும்மா இரு."

மூன்றாம் நாள் காலை வெல்டருக்குப் பதில் எழுதினார். அனுப்பும் முன் எனக்குப் படித்துக் காட்டினார்.

"தம்பி, இருட்டுல போனுக்குக் கிடைச்ச வெளிச்சம் ரொம்பக் கம்மி. அந்தக் கொஞ்சத்தை அது இழுத்துப் பெருக்கியிருக்கு. பெருக்கும்போது கூடவே வந்ததுதான் அந்தப் புள்ளியெல்லாம். மஞ்சளைக் குறைக்கலாம். சிவப்பு, பச்சைத் திட்டுகளை எடுக்கலாம். புள்ளியைக் கொஞ்சம் அடக்கலாம், ரொம்ப அடக்கினா முகமும் சேர்ந்து வழுவழுன்னு ஆயிடும். சின்ன சைஸ்ல போட்டா உறுத்தாது. ஆனா நிழல்ல இருக்கிற கண்ணு, மூக்கு, உதடு அங்க பதிவாகவே இல்ல. பதிவாகாததை யாராலயும் வெளிய எடுக்க முடியாது, வரையத்தான் முடியும். அந்த ஆப் வரைஞ்சிருக்கு. எத்தனையோ முகத்தைப் பார்த்துப் பழகி, இப்படி இருக்கலாம்னு போட்டிருக்கு. அது உங்க குழந்தை முகம்னு என்னால சொல்ல முடியாது. அதையே பெரிசா கேட்டீங்கன்னா போட்டுத் தர்றேன். தெரிஞ்சு கேளுங்க."

சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் வெல்டர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். போன் அவர் மனைவி கையில் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் அவள் தனியாக வந்து நின்றாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமாம்மா."

"ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு நாள் எனக்கு நினைவே இல்லண்ணா. முழிச்சப்ப அடக்கம்கூட முடிஞ்சு போச்சு. நான் அவளைப் பார்த்ததே இந்தப் படத்துலதான்." அவள் குரல் உயரவே இல்லை. "எட்டு மாசமா நான் யாரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்?"

அண்ணன் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதருக்கு எதற்கு இந்தத் தொழில் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"அவளோடது எதுவுமே இல்லையா அதுல?"

அண்ணன் கம்ப்யூட்டரில் அசலைத் திறந்தார். வெளிச்சம் விழுந்த பக்கத்தைப் பெரிதாக்கி, நிறத் திட்டுகளை மட்டும் நீக்கினார். புள்ளிகளுக்கு நடுவே ஒரு காது தெரிந்தது. மேல்மடிப்பு கொஞ்சம் நசுங்கிய, சின்னக் காது.

"இது அவளோடதும்மா. இதுல நான் ஒண்ணும் வரையல."

அவள் வெகுநேரம் பார்த்தாள். "இதை மட்டும் போட்டுக் குடுங்க" என்றாள்.

உள்ளங்கை அளவில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு தன் போனில் அந்த ஆப் படத்தைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, இதை நீங்க அழிச்சிடுங்க. என்னால முடியல. அம்மான்னு கூப்பிடுற மாதிரியே இருக்கு."

அவள் திரும்பி நின்றுகொண்டாள். யாருக்கும் பிறக்காத அந்தக் குழந்தையை நான் அழித்தேன்.