நூற்றாறு மில்லிமீட்டர்

சந்தாபுரா பக்கத்தில், எஃகைச் சூடாக்கி அச்சில் அடித்து உருவாக்கும் ஒரு ஃபோர்ஜிங் பட்டறை. எஃகு ராடை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்று கணக்குப் போடுவது அங்கே என் வேலை. பொருளின் கன அளவு, அச்சின் ஓரத்தில் பிதுங்கும் ஃப்ளாஷ், சூட்டில் மேல்தோல் கருகி உதிரும் ஸ்கேல், மூன்றையும் கூட்டி, ராடின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் நீளம் வந்துவிடும். அறுபது மில்லிமீட்டர் விட்டமுள்ள ராடுக்கு நூற்றாறு என்று கொடுத்திருந்தேன்.

அன்று காலை, துண்டுகளை மின்சாரத்தில் சூடாக்கும் இண்டக்ஷன் ஹீட்டரின் கம்பிச்சுருள், காயில், பழுதாகிவிட்டது. முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் துண்டுகளை ஆயில் ஃபர்னஸில் போடச் சொல்லிவிட்டார். முதல் பீஸ் அச்சிலிருந்து வந்தது. மேல் மூலை நிரம்பவில்லை. ஃப்ளாஷும் மெலிந்திருந்தது.

முதலாளி நேராக ரம்பம் ஓட்டுகிறவரிடம் போனார். கிருஷ்ணகிரிக்காரர், வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரம் ஆகாதவர். "ஷார்ட்டா வெட்டியிருக்க. நாளையிலிருந்து வர வேணாம்."

"நூத்தாறுதான் சார் வெட்டினேன்."

"சும்னே சாக்கு சொல்லாதப்பா," என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெட்டிய துண்டை வெர்னியரால் அளந்து காட்டினேன். நூற்றாறுதான். "அப்போ உன் கணக்கு தப்பாம்மா?" என்று என் பக்கம் திரும்பினார்.

"கணக்கு ஹீட்டருக்குப் போட்டது சார். நீங்க ஃபர்னஸ்ல போட்டுட்டீங்க. அதுல மெதுவா சூடாகுறதால ஸ்கேல் ஜாஸ்தி போகும். ரெண்டு மில்லிமீட்டர் சேர்த்து வெட்டணும்."

"ரெண்டு மில்லிமீட்டர்ல என்ன வந்துடும்?"

வாயால் சொல்லிப் புண்ணியமில்லை. ஒரு துண்டைத் தராசில் வைத்தேன்: இரண்டு கிலோ முந்நூற்றைம்பது கிராம். அதையே சூடாக்கி அடித்து, ஃப்ளாஷை வெட்டாமல், ஆறவைத்து, பிரஷ் போட்டு மறுபடி வைத்தோம். எடை குறையாமல் இருந்தால் அந்த ஆள் போவார், பின்னாலேயே நானும்.

எழுபத்தைந்து கிராம் குறைந்திருந்தது. ஹீட்டரில் இருபத்தைந்துகூடப் போயிருக்காது. மீதி அவ்வளவும் ஃபர்னஸ் தரையிலும் அச்சைச் சுற்றியும் கருப்பாக உதிர்ந்து கிடந்தது. ஃப்ளாஷுக்குப் போகவேண்டியது குறைந்ததால், மூலைக்குள் உலோகத்தைத் தள்ள நெருக்கமும் இல்லை.

முதலாளி மோவாயைத் தடவினார். "சரி. வெட்டினதெல்லாம் காயில் ரெடியாகுற வரைக்கும் இருக்கட்டும். இனிமே எவ்ளோ?"

"நூத்தியெட்டு."

"நூத்தியெட்டு வெட்டுப்பா," என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார். வர வேண்டாம் என்றதைப் பற்றிப் பேச்சே இல்லை. மன்னிப்பும் இல்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ரம்பக்காரர் நன்றி சொல்வார் என்றுதான் நின்றுகொண்டிருந்தேன். அவர் ராடின் நீளத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டாப்பரை நகர்த்தி நூற்றெட்டில் இறுக்கினார். ஆனால் சுவிட்சைப் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நூத்தியெட்டு, ஆயில் ஃபர்னஸுக்குன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க மேடம். அப்புறம் வெட்டுறேன்."

வலிக்கத்தான் செய்தது. எழுதிக் கொடுத்தேன்.